இரண்டு முகடு தெரியும் உயரப் படம்: சராசரியும் பரவற்படியும் தப்பாக வந்தால் எங்கே பார்ப்பது

புள்ளியியல் புத்தகங்களில் அடிக்கடி வரும் படம் ஒன்று இருக்கிறது. மாணவர்களை மைதானத்தில் உயரவாரியாக வரிசை பிரித்து நிற்க வைத்து, மேலேயிருந்து எடுத்த புகைப்படம். ஒவ்வொரு வரிசையும் ஒரு செவ்வகம், வரிசையின் நீளம்தான் நிகழ்வெண். அதாவது ஆட்களே ஹிஸ்டோகிராம். 1914-ல் ஆல்பர்ட் பிளேக்ஸ்லீ 175 மாணவர்களை வைத்து இப்படி ஒரு படம் வெளியிட்டார். 1975-ல் பிரையன் ஜாய்னர் ஆண்களையும் பெண்களையும் சேர்த்து நிறுத்திய படத்தில் இரண்டு மேடு தெரியும். அந்த வகைப் படத்தைக் காட்டி, “ஆண்கள் உயரம் ஒரு இயல்நிலைப் பரவல், பெண்கள் உயரம் இன்னொன்று, மொத்தக் கூட்டத்துக்குச் சராசரியும் பரவற்படியும் காண்க” என்று ஒரு கணக்கு வரும்.

சூத்திரம் இரண்டே வரிதான், ஆனால் இந்தக் கணக்கில் ஒரே மாதிரித் தப்புகளைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். தப்பு விடையைப் பார்த்தாலே எங்கே வழுக்கியது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதனால் சூத்திரத்தில் ஆரம்பிக்காமல், உங்கள் கையில் இருக்கும் விடையிலிருந்து பின்னோக்கிப் போவோம்.

எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணம். படத்தில் 100 பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், நான் கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள் இவை. 40 பெண்கள், சராசரி 162 செ.மீ., திட்ட விலக்கம் 6. 60 ஆண்கள், சராசரி 176 செ.மீ., திட்ட விலக்கம் 7. பெண்களின் பங்கு p = 0.4, ஆண்களின் பங்கு q = 0.6. சரியான விடையை இப்போதே சொல்லிவிடுகிறேன்: சராசரி 170.4, பரவற்படி 90.84, திட்ட விலக்கம் 9.53. (பரவற்படியைச் சில புத்தகங்கள் விலக்க வர்க்கச் சராசரி என்று எழுதும், இரண்டும் ஒன்றுதான்.)

கூடவே ஒரு சோதனை எண்ணையும் வைத்துக்கொள்வோம். 160 செ.மீ.க்குக் குறைவாக எத்தனை பேர் இருப்பார்கள்? இதற்குக் கலவைச் சூத்திரம் எதுவும் வேண்டாம், இரண்டு குழுவையும் தனித்தனியாக எண்ணினால் போதும். பெண்களில் ஏறத்தாழ 37 சதவீதம் 160-க்குக் கீழே, அது 40-ல் கிட்டத்தட்ட 15 பேர். ஆண்களில் 1 சதவீதம் சொச்சம், 60-ல் ஒருவர்கூட நிச்சயமில்லை. சேர்த்தால் 100-க்கு 15.4 பேர். இந்த 15-ஐ மறக்காதீர்கள், தப்பைப் பிடிக்க இதுதான் உதவும்.

## அறிகுறி: சராசரியே 169 என்று வருகிறது

162-ஐயும் 176-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்திருக்கிறீர்கள். இரண்டு குழுவும் சம எண்ணிக்கையாக இருந்தால்தான் அது செல்லும். 0.4 × 162 + 0.6 × 176 = 64.8 + 105.6 = 170.4. படத்தில் எந்தக் குழு பெரியதோ அந்தப் பக்கம் சராசரி சாய வேண்டும், அப்படிச் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

## அறிகுறி: சராசரி சரி, ஆனால் பரவற்படி 23.4

எல்லாத் தப்பிலும் இதுதான் ஆழமானது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

23.4 எப்படி வருகிறது? 0.4² × 36 + 0.6² × 49 = 5.76 + 17.64. மாறிகளைக் கூட்டும்போது மாறிலியை வர்க்கமாக வெளியே எடுக்க வேண்டும் என்று படித்த விதியை இங்கே போட்டிருக்கிறீர்கள். விதி தப்பில்லை, இடம்தான் தப்பு. அந்த விதி 0.4A + 0.6B என்ற புது மாறிக்கு உரியது. அதாவது ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து, ஓர் ஆணையும் தேர்ந்தெடுத்து, அவள் உயரத்தில் நாற்பது சதவீதத்தையும் அவன் உயரத்தில் அறுபது சதவீதத்தையும் சேர்த்து மூன்றாவதாக ஓர் எண்ணை உண்டாக்குகிறீர்கள். அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் யாரும் அந்தப் படத்தில் இல்லை.

படத்தில் நடப்பது வேறு. கண்ணை மூடிக்கொண்டு ஒருவரைத் தொடுகிறீர்கள். நாற்பது சதவீத வாய்ப்பில் அது ஒரு பெண், முழுப் பெண், உயரம் 162-ஐச் சுற்றி. அறுபது சதவீத வாய்ப்பில் அது ஓர் ஆண், உயரம் 176-ஐச் சுற்றி. இங்கே கலப்பது ஆட்களைத்தான், உயரங்களை இல்லை. p என்பது உயரத்தைப் பெருக்கும் எண் இல்லை, எந்தக் குழுவிலிருந்து ஆள் வருகிறார் என்பதன் வாய்ப்பு. கலப்பது அடர்த்திச் சார்புகளை:

`f(x) = p·f1(x) + q·f2(x)`

இந்தத் தப்பு ஏன் கண்ணில் படாமல் போகிறது தெரியுமா? சராசரி இரண்டு வழியிலும் 170.4 தான் வரும். முதல் பாதி சரியாக வந்துவிடுவதால் நம்பிக்கை வந்துவிடுகிறது, பரவற்படியில்தான் வழி பிரிகிறது.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி: 23.4-இன் வர்க்கமூலம் 4.84. பெண்களுக்குள் மட்டுமே திட்ட விலக்கம் 6, ஆண்களுக்குள் 7, இரண்டு கூட்டத்தையும் ஒரே மைதானத்தில் நிறுத்தியதும் சிதறல் 4.84 ஆகக் குறையுமா? குறையாது. கலவையின் பரவற்படி இரண்டு குழுக்களின் பரவற்படியில் சிறியதைவிடக் கீழே ஒருபோதும் போகாது. போயிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், பங்கை வர்க்கம் பண்ணியிருக்கிறீர்கள்.

நமது சோதனை எண்ணையும் போட்டுப் பார்ப்போம். 0.4A + 0.6B ஒரே முகடு உள்ள இயல்நிலைப் பரவல், நடு 170.4, விலக்கம் 4.84. அதில் 160-க்குக் கீழே 1.6 சதவீதம்தான். படத்தில் இருப்பதோ 15 பேர். பத்து மடங்கு பிசகு, வேறு ஆதாரமே தேவையில்லை.

கணினியில் பார்க்க விரும்பினால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள்:

```python
import numpy as np
rng = np.random.default_rng(1)
n = 1_000_000
a = rng.normal(162, 6, n)
b = rng.normal(176, 7, n)
x = np.where(rng.random(n) < 0.4, a, b)
y = 0.4*a + 0.6*b
print(x.mean(), x.var())
print(y.mean(), y.var())
```

முதல் வரியில் 170.4-க்கும் 90.84-க்கும் மிக அருகில் வரும், இரண்டாவது வரியில் 170.4, 23.4. `np.where` ஆளைத் தேர்ந்தெடுக்கிறது, `0.4*a + 0.6*b` உயரங்களைக் கரைத்து ஒன்றாக்குகிறது. இந்த இரண்டு வரிகளுக்கும் உள்ள வித்தியாசம் மனசில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது.

## அறிகுறி: பரவற்படி 43.8, திட்ட விலக்கம் 6.6

இது நம்பும்படியான விடை, அதனால்தான் ஆபத்து. 6-க்கும் 7-க்கும் நடுவில் 6.6 வந்திருக்கிறது, யாருக்கும் சந்தேகம் வராது. பங்கை வர்க்கம் பண்ணாமல் 0.4 × 36 + 0.6 × 49 = 14.4 + 29.4 = 43.8 என்று சரியாகவே கூட்டியிருக்கிறீர்கள், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள்.

விடுபட்டது என்ன என்று பார்க்க ஒரே ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் உயரம் சரியாக 162. பெண்கள் குழுவுக்குள் அவள் நட்டநடுவில் நிற்கிறாள், அவள் விலக்கம் பூஜ்யம், 36 என்ற பரவற்படிக்கு அவள் பங்களிப்பு எதுவும் இல்லை. இப்போது ஆண்களும் வந்து சேர்கிறார்கள். நடு 170.4-க்கு நகர்ந்துவிட்டது. அவள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை, ஆனால் நடுவிலிருந்து 8.4 செ.மீ. தள்ளி நிற்கிறாள், அதன் வர்க்கம் 70.56. இதேபோல சரியாக 176 உள்ள ஆணும் நடுவிலிருந்து 5.6 தள்ளி நிற்கிறான், வர்க்கம் 31.36. 43.8-இல் இந்த இரண்டு பேரின் இந்தத் தூரம் எங்கேயும் சேரவில்லை.

சேர்த்தால்: 0.4 × 70.56 + 0.6 × 31.36 = 28.224 + 18.816 = 47.04. குழுக்களுக்குள் 43.8, குழுக்களுக்கு இடையே 47.04, மொத்தம் 90.84. இடையே உள்ள பகுதியை நேராகவும் எழுதலாம்:

`Var = p·σ1² + q·σ2² + p·q·(μ1 − μ2)²`

0.4 × 0.6 × 14² = 0.24 × 196 = 47.04. அதேதான். நமது படத்தில் மொத்தச் சிதறலில் பாதிக்கு மேல் இந்தக் கடைசி உறுப்பிலிருந்துதான் வருகிறது, அதை விடுவது சின்ன விஷயம் இல்லை. சோதனை எண்ணிலும் இது தெரியும்: விலக்கம் 6.62 என்று வைத்து இயல்நிலை அட்டவணையைப் பார்த்தால் 160-க்குக் கீழே 6 பேர்தான் வருவார்கள், நமக்கு வேண்டியது 15.

சூத்திரத்தைச் சரியாக எழுதினோமா என்று சோதிக்க p-ஐ 1 ஆக்கிப் பாருங்கள். ஆண்களே இல்லை, அப்படியென்றால் பெண்களின் 36 மட்டும் மிஞ்ச வேண்டும். p·q பூஜ்யமாகிவிடுவதால் மிஞ்சுகிறது. இரண்டு சராசரியும் ஒன்றாக இருந்தால் கடைசி உறுப்பு மறைய வேண்டும், மறைகிறது. சிலர் கடைசி உறுப்பில் p·q-ஐ விட்டுவிட்டு 14²-ஐ அப்படியே கூட்டி 239.8 என்று எழுதுவார்கள், p = 1 சோதனையில் அது உடனே மாட்டிக்கொள்ளும்.

இந்தத் தப்பு இன்னொரு வழியாகவும் நுழையும், அது மென்பொருள் வழி. இரண்டு குழுவின் சராசரியை ஒப்பிடும் டி-சோதனை ஓட்டினால் “பூல்ட்” பரவற்படி என்று ஓர் எண் கிடைக்கும், நமது எண்களை மாதிரியின் எண்களாக எடுத்துக்கொண்டால் (39 × 36 + 59 × 49) / 98 = 43.83. பெயரைப் பார்த்து, எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்த பரவற்படி என்று எடுத்துக்கொள்வது இயல்பு. ஆனால் அது குழுக்களுக்குள் உள்ள சிதறலை மட்டும் அளக்கிறது, சராசரிகளின் இடைவெளியை வேண்டுமென்றே வெளியே வைக்கிறது, ஏனென்றால் அந்தச் சோதனை அந்த இடைவெளியைத்தான் தனியாக நிறுத்திச் சோதிக்கிறது. படத்தில் நிற்கும் 100 பேரின் பரவற்படிக்கு அதைப் போடக் கூடாது.

## அறிகுறி: பரவற்படி எதிர்ம எண்ணாகவோ, 200-க்கு மேலோ வருகிறது

நீங்கள் E(X²) − μ² வழியில் போயிருக்கிறீர்கள். வழி சரியானதே. பெண்களுக்கு 36 + 162² = 26280, ஆண்களுக்கு 49 + 176² = 31025. பங்கு போட்டுக் கூட்டினால் 10512 + 18615 = 29127. அதிலிருந்து 170.4² = 29036.16-ஐக் கழித்தால் 90.84.

இப்போது சராசரியை 170 என்று முழு எண்ணாக்கிக்கொண்டு அதே கணக்கைப் பண்ணுங்கள். 29127 − 28900 = 227. திட்ட விலக்கம் 15. 171 என்று எடுத்தால் 29127 − 29241 = −114. சராசரியில் அரை செ.மீ. அசைந்ததற்கே விடை இந்தப் பாடு படுகிறது. இருபத்தொன்பதாயிரம் அளவுள்ள இரண்டு எண்களைக் கழித்துத் தொண்ணூறைக் கண்டுபிடிக்கிறோம், அதனால் சராசரியின் தசமத்தைத் தொட்டால் எல்லாம் போய்விடும்.

தசமத்தை வெட்டாமல் இருப்பது ஒரு தீர்வு. அதைவிட நல்லது, எல்லா உயரத்திலிருந்தும் 170-ஐக் கழித்துவிட்டு வேலை செய்வது. பெண்கள் −8, ஆண்கள் +6. சராசரி 0.4 × (−8) + 0.6 × 6 = 0.4. வர்க்கங்கள்: 0.4 × (36 + 64) + 0.6 × (49 + 36) = 40 + 51 = 91. கழித்தால் 91 − 0.16 = 90.84. மனக்கணக்கிலேயே முடிந்துவிடும், எண்கள் சின்னதாக இருப்பதால் பிசகவும் இடம் குறைவு. நகர்த்தினால் பரவற்படி மாறாது, சராசரிக்கு மட்டும் 170-ஐத் திருப்பிக் கூட்ட மறக்காதீர்கள்.

எதிர்ம எண் வந்தும் தசமம் சரியாக இருக்கிறது என்றால், E(X²) இடத்தில் 36-ஐயும் 49-ஐயும் மட்டும் போட்டு, சராசரியின் வர்க்கத்தைச் சேர்க்காமல் விட்டிருக்கிறீர்களா பாருங்கள். ஒரு குழுவின் வர்க்கச் சராசரி என்பது அதன் பரவற்படியும் சராசரியின் வர்க்கமும் சேர்ந்தது.

## அறிகுறி: மென்பொருளில் 90.90, கையில் 90.84

இது தப்பே இல்லை. படத்தில் இருப்பவர்களை மாதிரியாக எடுத்துக்கொண்டு, குழுக்களின் 36-ம் 49-ம் n − 1 ஆல் வகுத்த மதிப்புகள் என்றால், மொத்தம் (39 × 36 + 59 × 49 + 24 × 196) / 99 = 8999 / 99 = 90.90. ஆர் மொழியின் `var` n − 1 ஆல் வகுக்கும், `numpy`-இன் `var` சும்மா விட்டால் n ஆல் வகுக்கும். ஆனால் கேள்வி இரண்டு இயல்நிலைத் தொகுதிகளைத் தந்து அவற்றின் கலவையைக் கேட்டால் அங்கே n என்ற பேச்சே இல்லை, 90.84 தான்.

## அறிகுறி: சராசரி, விலக்கம் இரண்டும் சரி, அட்டவணை பார்த்தால் ஆட்கள் கணக்கு ஒத்துவரவில்லை

170.4, 9.53 என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, அதையே ஓர் இயல்நிலைப் பரவலின் எண்களாக வைத்து அட்டவணைக்குப் போயிருக்கிறீர்கள். சராசரியும் பரவற்படியும் இயல்நிலை இல்லாத பரவல்களுக்கும் உண்டு. இரண்டு இயல்நிலைப் பரவலைக் கலந்தால், சராசரியும் விலக்கமும் இரண்டிலும் அப்படியே ஒன்றாக இருந்தால் தவிர, வருவது இயல்நிலை இல்லை.

160-க்குக் கீழே அட்டவணை 13.8 சொல்லும், உண்மை 15.4. 190-க்கு மேலே அட்டவணை 2.0 சொல்லும், உண்மை 1.4. நடுவில் 168 முதல் 172 வரை அட்டவணை 16.6 பேரைக் கேட்கும், உண்மையில் 13.9 பேர்தான். நடுவில் குறைவதைக் கவனியுங்கள்: சராசரி நிற்கும் இடம் பெண்களுக்கு உயரம், ஆண்களுக்குக் குட்டை, இரண்டு குழுவுக்கும் அது ஓரப்பகுதிதான். எத்தனை சதவீதம் என்று கேள்வி வந்தால் மொத்த விலக்கத்தைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு குழுவிலும் தனியாகச் சதவீதம் கண்டுபிடித்துப் பங்கு போட்டுக் கூட்டுங்கள், 15.4 வந்தது அப்படித்தான்.

## அறிகுறி: படத்தில் இரண்டு மேடு, ஆனால் வரைந்த வளைவில் ஒன்றுதான்

எனக்கு ரொம்பப் பிடித்த அறிகுறி இது. சூத்திரம் எல்லாம் சரி, f(x)-ஐ வரைந்து பார்த்தால் பள்ளத்தைக் காணோம். உடனே நிரலில் தப்பு தேடாதீர்கள், தப்பு அங்கே இருக்காது.

நமது எண்களையே போட்டுப் பார்ப்போம். 100 பேரை 2 செ.மீ. வரிசைகளாக நிறுத்தினால் ஒவ்வொரு வரிசையிலும் சராசரியாக எத்தனை பேரை எதிர்பார்க்கலாம்? 160-ஐ நடுவாகக் கொண்ட வரிசையில் 5.5. 162-ல் 6.2, 164-ல் 6.6, 166-ல் 6.7, 168-ல் 6.8, 170-ல் 6.9, 172-ல் 7.1, 174-ல் 7.3, அப்புறம் 176-ல் 7.2, 178-ல் 6.7 என்று இறங்குகிறது. எங்கேயும் பள்ளம் இல்லை. 164 முதல் 170 வரை கிட்டத்தட்ட சமதளமாக ஒரு தோள்பட்டை, பிறகு ஒரே முகடு 174 பக்கத்தில். பதினான்கு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தும் இப்படி!

இதற்கு ஒரு விதி உண்டு. இரண்டு குழுவும் சம பங்கு, ஒரே σ என்றால், சராசரிகளின் இடைவெளி 2σ-ஐத் தாண்டினால்தான் இரண்டு முகடு வரும். σ வேறுவேறாக இருந்தால், இடைவெளி சிறிய σ-வின் இரண்டு மடங்குக்குள் இருக்கும்வரை பங்கு எதுவானாலும் ஒரே முகடுதான். நமக்குச் சிறிய σ 6, இரண்டு மடங்கு 12, இடைவெளி 14. தாண்டிவிட்டது. ஆனால் தாண்டினால் மட்டும் இரண்டு முகடு உறுதி என்று அந்த விதி சொல்லவில்லை, அப்போது பங்கும் விலக்கமும் சேர்ந்துதான் தீர்மானிக்கும், வரைந்துதான் பார்க்க வேண்டும். மனிதர்களின் உயரம் உண்மையிலேயே இருமுகடா என்ற கேள்வியை ஷில்லிங்கும் இரு வாட்கின்ஸும் 2002-ல் தி அமெரிக்கன் ஸ்டாட்டிஸ்டிஷியன் இதழில் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்க இளைஞர்களின் அளவீடுகளை வைத்துப் பார்த்தால் அந்த இடைவெளி இருமுகடுக்குப் போதவில்லை என்பதுதான் அவர்கள் கண்டது.

அப்படியானால் புகைப்படத்தில் தெரியும் பள்ளம்? ஒரு வரிசையில் 7 பேரை எதிர்பார்க்கிறோம் என்றால், தற்செயலாகவே அது 2.5 பேர் அளவுக்கு இப்படியும் அப்படியும் ஆடும். √(100 × 0.07 × 0.93) போட்டுப் பாருங்கள், 2.55 வரும். 164-ல் 8 பேர், 168-ல் 5, 170-ல் 5, 174-ல் 9 என்று நிற்பது சர்வ சாதாரணம், அது அழகான இருமுகடுப் படமாகத் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. உயரத்தை அளக்காமல் ஆட்களிடமே கேட்டு எழுதினால், முழு எண்களுக்கும் பெயர்போன எண்களுக்கும் கூட்டம் சேரும், பக்கத்து வரிசை காலியாகும். மூன்றாவது, ஆண்களும் பெண்களும் வேறு வேறு நிற உடையில் நின்றால் கண் தானாகவே இரண்டு கூட்டமாகப் பிரித்துவிடும்.

எந்தக் காரணம் என்று பார்க்க, வரிசையின் அகலத்தை மாற்றிப் பாருங்கள். 2 செ.மீ.க்குப் பதில் 3 அல்லது 4 செ.மீ. எடுங்கள், தொடங்கும் இடத்தையும் ஒரு செ.மீ. நகர்த்துங்கள். பள்ளம் இடம் மாறினாலோ காணாமல் போனாலோ அதை நம்ப வேண்டாம். உண்மையான பள்ளம் எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆண்களின் சராசரியை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். 178 ஆக்கினால், இடைவெளி 16, வளைவில் பள்ளம் வருகிறது, ஆனால் இடப்பக்க முகட்டில் 6 பேர் என்றால் பள்ளத்தில் 5.7 பேர். 100 பேர் உள்ள படத்தில் அதை யாராலும் பார்க்க முடியாது. 182 ஆக்கினால், இடைவெளி 20, பெண்கள் பக்கம் 5.4, பள்ளத்தில் 3.7, ஆண்கள் பக்கம் 6.9. அப்போதும் ஒரு வரிசைக்கு இரண்டு பேர் ஆட்டம் உண்டு என்பதால், பக்கத்துப் பக்கத்து வரிசைகள் இரண்டு மூன்று சேர்ந்து தாழ்ந்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பள்ளம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் சராசரி, பரவற்படிச் சூத்திரங்கள் அப்படியே செல்லும். அவற்றுக்கு இரண்டு முகடு தேவையில்லை, இயல்நிலைப் பரவல்கூடத் தேவையில்லை, இரண்டு குழுவின் பங்கும் சராசரியும் பரவற்படியும் இருந்தால் போதும். இயல்நிலை என்ற தகவல் 160-க்குக் கீழே எத்தனை பேர் என்பது போன்ற கேள்விக்குத்தான் வேண்டும்.